சேர ஒரு தட்டு, விலக எத்தனை?

ஆப்பை போனிலிருந்து நீக்கிவிட்டால் சந்தாவும் நின்றுவிடும் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது நிற்பதில்லை. மாதாமாதம் பணம் எடுத்துக்கொள்ளும் அனுமதி ஆப்புக்குள் இருப்பதில்லை. ஒருமுறை ரகசிய எண் போட்டு நாம் கொடுத்த அந்த அனுமதி, வங்கிக் கணக்கோடு சேர்ந்து இருக்கிறது. நாமாகப் போய் ரத்து செய்யும் வரை, அல்லது அதில் குறித்திருக்கும் முடிவுத் தேதி வரும் வரை, அது உயிரோடுதான் இருக்கும். சேரும் நேரத்தில் இந்த ஒரு விவரத்தைச் சொல்லாமல் விட்டே காசு பார்க்கும் சந்தா வியாபாரங்கள் இருக்கின்றன.

திருவண்ணாமலை தேரடி வீதிப் பக்கம் பூ விற்கும் ஒரு அக்கா என்னிடம் போனை நீட்டினார். “தம்பி, அந்த ஆப்ப எப்பவோ எடுத்துட்டேன். இன்னும் காசு போவுதே, எப்பிடி?” பக்திப் பாடலும் தொடர்களும் காட்டும் ஆப் அது. ஒரு ரூபாய்க்கு ஏழு நாள் பார்க்கலாம் என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்ததாம். ஒரு ரூபாய்தானே என்று எண்ணைப் போட்டிருக்கிறார். எட்டாம் நாளிலிருந்து மாதம் 199 ரூபாய். நான் பார்த்தபோது நான்கு மாதப் பணம் போயிருந்தது. பௌர்ணமிக் கூட்டம் இல்லாத நாளில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் அவர் கையில் நிற்பது அவ்வளவுதான் இருக்கும்.

அவருடைய குறுஞ்செய்திகளை மேலே தள்ளிப் பார்த்தேன். ஒவ்வொரு மாதமும் பணம் எடுப்பதற்கு முந்தைய நாள் வங்கியிலிருந்து செய்தி வந்திருக்கிறது. நான்கு மாதம், நான்கு செய்தி. எல்லாம் ஆங்கிலம். அதில் ஆப்பின் பெயர் இல்லை, அதை நடத்தும் கம்பெனியின் பதிவுப் பெயர் இருந்தது. அந்தப் பெயரை அவர் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. அந்தச் செய்திக்கு மேலும் கீழும் கடன் விளம்பரங்கள். விதிப்படி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்கள், அவருக்குத்தான் எதுவும் போய்ச் சேரவில்லை.

இப்படி நம் கையாலேயே நமக்கு வேண்டாததைச் செய்யவைக்கும் திரை அமைப்புக்கு டார்க் பேட்டர்ன் என்று பெயர். ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டன் வடிவமைப்பாளர் 2010-ல் வைத்த பெயர் அது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இதற்கென வழிகாட்டு நெறிகளை அறிவித்து, 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. பொய்யான அவசரம், கூடையில் நாம் கேட்காத பொருளைச் சேர்ப்பது, வேண்டாம் என்பவரைக் கூச வைப்பது எல்லாம் அதில் உண்டு. பலன் கொஞ்சம் தெரிகிறது. பயணக் காப்பீடு வேண்டாம் என்பவர் ‘இல்லை, ஆபத்தை நான் ஏற்கிறேன்’ என்ற பொருளில் இருந்த வாசகத்தைத் தட்டும்படி இண்டிகோ விமான நிறுவனம் வைத்திருந்தது. ஆணையம் கேட்ட பிறகு அதை மாற்றியது. டிக்கெட்டுக்கு ஒரு ரூபாய் நன்கொடையைத் தானாகவே சேர்த்துவந்த புக்மைஷோ, அதை வாடிக்கையாளர் விருப்பத்துக்கு விட்டது. ஆனால் இவை ஒருமுறை ஏமாறுகிற இடங்கள். சந்தாவில் விழுந்தால் மாதாமாதம் ஏமாற வேண்டியிருக்கிறது. அதனால் அதைத்தான் விரிவாகப் பார்க்க வேண்டும்.

முதலில் இந்த அனுமதி எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்வோம். கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்கான ரிசர்வ் வங்கி விதிகள் 2019 ஆகஸ்டில் வந்தன, 2021 அக்டோபர் 1 முதல் கறாராக நடைமுறைக்கு வந்தன. யுபிஐயில் இதே வசதி ஆட்டோபே என்ற பெயரில் 2020 ஜூலையில் தொடங்கியது. பதிவு செய்யும்போது ஒருமுறை ரகசிய எண் போட வேண்டும். அதன்பிறகு வழக்கமான சந்தாக்களுக்கு 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் எண் போடத் தேவையில்லை. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே, யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில் என்று தெரிவிக்க வேண்டும். அந்தச் சமயத்திலேயே விலகிக்கொள்ளவும் வழி இருக்க வேண்டும்.

விதி நல்ல விதி. வேறு நாடுகளில் இல்லாத பாதுகாப்பைக்கூட இது நமக்குத் தருகிறது. ஓட்டை இருப்பது பதிவு செய்யும் திரையில். அங்கே எழுதப்படும் தொகை இன்று போகிற தொகையாக இருக்க வேண்டியதில்லை. ஒரு தடவையில் அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாம் என்ற உச்சவரம்பாகவும் அது இருக்கலாம். ஒரு ரூபாய் என்று ஆப் காட்டும். எண் போடும் திரையிலோ மாதாந்திரம், அதிகபட்சம் இவ்வளவு, இந்த ஆண்டு வரை என்று சிறிய எழுத்தில் இருக்கும். கடையில் க்யூஆர் ஸ்கேன் செய்து எண் போட்டுப் பழகிய விரல் அதை நின்று படிப்பதில்லை. இதைப் படிக்காதது அக்காவின் தவறு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரே திரை, ஒரே எண், ஒரே அசைவு. ஒன்றில் ஒரு தடவை பணம் போகிறது, மற்றொன்றில் ஆண்டுக்கணக்கில் போகிறது. இரண்டும் வேறு வேறு என்று காட்ட வேண்டியது திரையை வரைந்தவரின் வேலை.

நுகர்வோர் ஆணையத்தின் நெறிகளில் சந்தாப் பொறி என்ற வகைக்குக் கொடுத்திருக்கும் விளக்கம் கூர்மையானது. ரத்து செய்வதை முடியாததாக்குவது, சிக்கலாக்குவது, அதற்கான வழியை ஒளித்துவைப்பது எல்லாம் அதில் வருகின்றன. இலவசச் சந்தாவுக்காகப் பணம் கட்டும் விவரத்தையோ தானாக எடுக்கும் அனுமதியையோ கட்டாயப்படுத்திக் கேட்பதும் வருகிறது. ஒரு ரூபாய் வாங்கிவிட்டால் அது இலவசம் இல்லை என்று சொல்லித் தப்பலாம் என்ற கணக்கில்தான் இந்த ஒரு ரூபாய் முன்னோட்டங்கள் பெருகியிருக்கின்றன என்பது என் எண்ணம். அந்த ஒரு ரூபாய் விலையே அல்ல, அனுமதி வாங்குவதற்கான சாக்கு. ஆணையம் இந்த வாக்கியத்தைத் திருத்தி, பெயரளவுக் கட்டணத்தையும் அதில் சேர்க்க வேண்டும்.

அக்காவின் போனில் செய்தது இதுதான். யுபிஐ ஆப்பைத் திறந்து, மேலே மூலையில் இருக்கும் சுயவிவரப் படத்தைத் தட்டி, AutoPay என்ற பகுதிக்குப் போனோம். சில ஆப்களில் அது Mandates என்று இருக்கும். உள்ளே, நடப்பில் உள்ள அனுமதிகள் வரிசையாக இருந்தன. தெரியாத கம்பெனிப் பெயர் ஒன்று. பணம் போன தேதியையும் தொகையையும் வங்கிச் செய்தியோடு ஒப்பிட்டு அதுதான் என்று உறுதிசெய்துகொண்டோம். Cancel அல்லது Revoke என்று இருப்பதைத் தட்டி, யுபிஐ எண்ணைப் போட்டதும் ரத்தாகிவிட்டது. பக்கத்திலேயே Pause என்று ஒன்று இருக்கும். அது தற்காலிகமாக நிறுத்திவைப்பது மட்டும்தான்.

இதில் இரண்டு இடங்களில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பணம் எடுக்கும் நாளன்றே ரத்து செய்தால் அந்த மாதத் தொகை ஏற்கெனவே கிளம்பியிருக்கலாம், அதனால் இரண்டு நாள் முன்னதாகவே செய்துவிடுவது நல்லது. அடுத்து, கூகுள் ப்ளே ஸ்டோர் வழியாகச் சேர்ந்த சந்தாவை ப்ளே ஸ்டோரில் Payments & subscriptions என்ற இடத்திலேயே முடிக்க வேண்டும். யுபிஐ அனுமதியை மட்டும் வெட்டினால் பணம் போகாது, ஆனால் சந்தா பாக்கி என்று நினைவூட்டல்கள் வந்துகொண்டே இருக்கலாம். அப்புறம் வீட்டுச் சூழல் ஒன்று உண்டு. வங்கிக் கணக்கில் பதிந்திருக்கும் எண் பிள்ளையுடையதாக இருந்தால், முன்னறிவிப்பு பிள்ளையின் போனுக்குப் போகும். பணம் போவது அம்மாவின் கணக்கிலிருந்து. இந்த மாவட்டத்துக் கிராமங்களில் இது அபூர்வமே இல்லை.

சேர்வது சுலபம், விலகுவது கஷ்டம் என்பது தற்செயலாக நடப்பதில்லை. அதற்கு அமேசான் வழக்கு நல்ல சான்று. பிரைம் சந்தாவை ரத்து செய்யும் வழிக்கு அந்த நிறுவனத்துக்குள்ளேயே இலியட் என்று பெயர் வைத்திருந்தார்கள். நீண்டுகொண்டே போகும் டிரோஜன் போரைப் பாடும் ஹோமரின் காவியத்தின் பெயர் அது. அமெரிக்க வணிக ஆணையம் 2023 ஜூனில் தொடுத்த வழக்கில், விலக விரும்புகிறவர் நான்கு பக்கம், ஆறு தட்டு, பதினைந்து தேர்வுகளைக் கடக்க வேண்டியிருந்தது என்று குற்றம்சாட்டியது. சேர்வதற்கு ஒன்றிரண்டு தட்டு போதும். 2025 செப்டம்பரில் அமேசான் 250 கோடி டாலருக்கு வழக்கை முடித்துக்கொண்டது. அதில் 150 கோடி டாலர் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்கானது. ஆனால் அதே ஆணையம், சேர்வது போலவே விலகுவதும் எளிதாக இருக்க வேண்டும் என்று கொண்டுவந்த பொது விதியை 2025 ஜூலையில் அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் நடைமுறைக் குறையைக் காட்டி ரத்து செய்துவிட்டது. ஒரு நிறுவனத்தைப் பிடித்துத் தண்டிக்க முடிந்தது, எல்லோருக்குமான விதியை நிலைநிறுத்த முடியவில்லை.

ஜெர்மனி இதை வேறு விதமாக அணுகியது. 2022 ஜூலை 1 முதல், இணையத்தில் தொடர் ஒப்பந்தம் விற்கும் எவரும் ‘ஒப்பந்தங்களை இங்கே ரத்து செய்யவும்’ என்ற பொருள்தரும் பொத்தானை எப்போதும் கண்ணில் படும்படி வைத்திருக்க வேண்டும். அதைத் தட்டினால் ஒரே பக்கம். யார், எந்த ஒப்பந்தம், எந்தத் தேதியிலிருந்து என்ற அளவுக்குத்தான் கேட்கலாம். உறுதிசெய்ததும் எழுத்தில் ஒப்புகை அனுப்ப வேண்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது தண்டனைப் பகுதி. பொத்தான் வைக்காத நிறுவனத்தின் வாடிக்கையாளர், முன்னறிவிப்புக் காலம் எதுவும் பார்க்காமல் எப்போது வேண்டுமானாலும் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். வழியை ஒளித்துவைத்தால் ஒளித்தவருக்கே நஷ்டம். நம் நெறிகளில் எது கூடாது என்று இருக்கிறது, எப்படி இருக்க வேண்டும் என்று இல்லை. ஜெர்மன் விதியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த இரண்டாவது பாதியைத்தான்.

நேர்மையான ரத்து எப்படி இருக்கும்? சந்தா விவரம் இருக்கும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ‘சந்தாவை நிறுத்து’ என்று இருக்க வேண்டும். தட்டியதும் ஒரு கேள்வி கேட்கலாம், விலைக்குறைப்பு ஒன்றையும் ஒரே ஒருமுறை சொல்லலாம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வேறு யாரோ போனை எடுத்து ரத்து செய்துவிடாமல் இருக்கக் கடவுச்சொல் கேட்பதும் நியாயம்தான். அதற்கு மேல் கடைசித் திரையில் இப்படி இருக்க வேண்டும்: “சந்தா நிறுத்தப்பட்டது. ஏப்ரல் 11 வரை நீங்கள் பார்க்கலாம். இனி உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்க மாட்டோம். யுபிஐ அனுமதியையும் ரத்து செய்துவிட்டோம்.” இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். வாடிக்கையாளர் மட்டுமல்ல, பணம் பெறும் நிறுவனமும் தன் பக்கத்திலிருந்து அந்த அனுமதியை ரத்து செய்ய யுபிஐயில் வசதி உண்டு. சந்தாவை முடித்துவிட்டு அனுமதியை மட்டும் தொங்கவிட்டு வைப்பது நேர்மையல்ல.

நினைவூட்டலும் அப்படித்தான். 24 மணி நேரம் என்பது விதி சொல்லும் குறைந்தபட்சம். மூன்று நாள் முன்னதாக, ஆப்பின் பெயரிலேயே, சேர்ந்தபோது வாடிக்கையாளர் எந்த மொழியில் திரையைப் பார்த்தாரோ அந்த மொழியில் செய்தி போக வேண்டும். விளம்பரம் தமிழில், திரை தமிழில், பணம் எடுக்கும் அறிவிப்பு மட்டும் ஆங்கிலத்தில் என்றால், வாடிக்கையாளரின் மொழி தெரியாமல் அப்படி அனுப்பினார்கள் என்று சொல்ல முடியாது. இப்படி எழுதினால் போதும்: “வரும் வியாழன், மார்ச் 12 அன்று உங்கள் கணக்கிலிருந்து 199 ரூபாய் எடுக்கப்போகிறோம். இது ஒரு மாதச் சந்தா. கடந்த 30 நாளில் நீங்கள் ஆப்பைத் திறக்கவில்லை. வேண்டாம் என்றால் இங்கே தட்டுங்கள், பணம் எடுக்க மாட்டோம்.”

மூன்றாவது வாக்கியத்தை எந்த வியாபாரியும் எழுத மாட்டார் என்று தோன்றலாம். எழுதியிருக்கிறார்கள். நெட்ஃபிளிக்ஸ் 2020 மே மாதத்தில், சேர்ந்து ஓராண்டாக எதுவும் பார்க்காதவர்களுக்கும், இரண்டாண்டுக்கு மேலாகப் பார்க்காமல் இருப்பவர்களுக்கும் செய்தி அனுப்பி, தொடர வேண்டுமா என்று கேட்கத் தொடங்கியது. பதில் சொல்லாதவர்களின் சந்தாவை அதுவே ரத்து செய்தது. ஓராண்டு, இரண்டாண்டு என்பது மிகத் தாமதம்தான். ஆனாலும் யார் பார்க்கிறார், யார் பார்க்கவில்லை என்பது நிறுவனத்துக்கு நன்றாகத் தெரியும் என்பதும், தெரிந்ததைச் சொல்ல முடியும் என்பதும் இதிலிருந்து நிரூபணமாகிறது.

திருவண்ணாமலைக்கு வருகிறவர்களுக்கு ரத்து வேறு ரூபத்திலும் எதிர்ப்படுகிறது. இந்த ஊரில் அவசரம் பொய்யல்ல. கார்த்திகை தீபத்துக்கும் பௌர்ணமிக் கிரிவலத்துக்கும் விடுதி அறைகள் உண்மையிலேயே தீர்ந்துபோகும். ‘இன்னும் இரண்டு அறைகள்தான்’ என்று திரை சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. அதே விடுதிக்கு, பௌர்ணமி இல்லாத ஒரு வாரநாளைப் போட்டுப் பாருங்கள். அன்றைக்கும் இரண்டே அறைதான் மிச்சம் என்றால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். இதைவிடக் கெடுதல், அந்தப் பதற்றத்துக்குக் கீழே வெளிறிய எழுத்தில் இருக்கும் ‘ரத்து செய்தால் பணம் திரும்பாது’ என்ற வரி. கட்டணமின்றி ரத்து செய்யக் கடைசித் தேதி எது என்பதை விலைக்குப் பக்கத்திலேயே, விலையின் அளவிலேயே போட வேண்டும். அது இரண்டு வார்த்தை, ஒரு தேதி. திரையில் இடமில்லை என்ற சாக்கு எடுபடாது.

இனி ஒப்புதல். ஜாதக ஆப்கள் பிறந்த தேதி, நேரம், ஊர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவை இல்லாமல் கட்டம் போட முடியாது. தொடர்பு எண்கள் பட்டியலைக் கேட்பதில் என்ன நியாயம்? 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தன் ஆறாவது பிரிவில் ஓர் உதாரணம் கொண்டே விளக்குகிறது. மருத்துவ ஆலோசனை தரும் ஆப் ஒன்று, ஆலோசனைக்கான தரவுக்கும் போனில் உள்ள தொடர்பு எண்களுக்கும் சேர்த்து ஒப்புதல் கேட்கிறது. பயனர் இரண்டுக்கும் சரி என்கிறார். சரி என்று சொல்லியிருந்தாலும், தொடர்பு எண்கள் அந்தச் சேவைக்குத் தேவையில்லாததால் ஒப்புதல் ஆலோசனைக்கு மட்டுமே செல்லும் என்கிறது சட்டம். நாம் அறியாமல் தட்டிவிட்ட ‘சரி’யை வைத்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள முடியாது என்று இதற்கு அர்த்தம்.

அதே பிரிவில் இன்னும் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவது, கொடுத்தது எவ்வளவு எளிதோ அதற்கு ஒப்பாக எளிதாக இருக்க வேண்டும். ஒப்புதல் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். தமிழ் அந்த அட்டவணையில் உள்ள மொழி. தமிழில் கேட்டால் தமிழில் தர வேண்டியது நிறுவனத்தின் கடமையாகிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. ஒப்புதல் தொடர்பான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருப்பதால், அவை 2027 மே மாதத்தில்தான் முழுமையாக நடைமுறைக்கு வரும். இவ்வளவு அவகாசம் தேவையில்லை என்பதே என் கருத்து. தமிழில் விளம்பரம் செய்யத் தெரிந்த கம்பெனிக்குத் தமிழில் ஒப்புதல் கேட்க ஒன்றரை ஆண்டு எதற்கு?

பிரான்சில் தரவுப் பாதுகாப்பு ஆணையம் இதை எண்ணிக்கையாகவே பார்த்தது. குக்கிகளை ஏற்க ஒரே தட்டு, மறுக்கப் பல தட்டுகள் என்று வைத்திருந்ததற்காக 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது. அந்த அளவுகோலை நாமும் கையில் எடுத்துக்கொள்ளலாம். வடிவமைப்பாளர் தன் ஆப்பைச் சோதிக்கப் பெரிய தணிக்கை தேவையில்லை. புது ஆள் ஒருவரிடம் போனைக் கொடுத்துச் சேரச் சொல்லுங்கள், தட்டுகளை எண்ணுங்கள். பிறகு விலகச் சொல்லுங்கள், எண்ணுங்கள். இரண்டாவது எண் பெரிதாக இருந்தால், அல்லது அந்த ஆள் நடுவில் “எங்க இருக்கு?” என்று கேட்டால், திரையை மாற்ற வேண்டும். நம் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 ஜூனில் இணைய வணிகத் தளங்களை மூன்று மாதத்துக்குள் தாங்களே சோதித்துச் சரிசெய்யச் சொன்னது. தன்னைத் தானே சோதிப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இந்த எண்ணிக்கையைப் பொதுவில் வெளியிடச் சொல்லியிருந்தால் பலன் இருந்திருக்கும்.

போன பணத்தைக் கேட்க வழி உண்டா என்றால், உண்டு. 1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண், அதில் தமிழிலேயே பேசலாம். கூப்பிடுவதற்கு முன் ஆப்பின் பெயர், வங்கிச் செய்தியில் உள்ள கம்பெனிப் பெயர், பணம் போன தேதிகள், ரத்து செய்ய முயன்ற திரையின் படங்கள் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பை நீக்குவதற்கு முன்பே திரைப் படங்களை எடுத்துவிட வேண்டும், நீக்கிய பிறகு கையில் சான்று இருக்காது. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கம்பெனி பெங்களூரிலோ குருகிராமிலோ இருந்தாலும் கவலையில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் செய்பவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களுக்குக் கட்டணம் கிடையாது. திருவண்ணாமலையில் வசிப்பவர் 199 ரூபாய்க்கு திருவண்ணாமலையிலேயே வழக்குத் தொடுக்கலாம்.